நீங்கள் இருக்கும்போதே திருத்திவிடுங்கள்: ஓய்வூதியப் பெரியோர்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய அரசின் சிவில் துறைகளில் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வுபெற்று, மாதந்தோறும் வங்கி வழியே ஓய்வூதியம் பெற்றுவரும் பெரியோர்களே, அம்மையார்களே,

உங்கள் ஓய்வூதியக் கொடுப்பாணையில், அதாவது நாம் அனைவரும் பி.பி.ஓ. என்று வழங்கிவரும் அந்தப் பத்திரத்தில், உங்கள் வாழ்க்கைத் துணையின் பெயரும் பிறந்த தேதியும் எவ்வாறு எழுதப்பட்டிருக்கின்றன என்பதைக் கடைசியாக எப்போது எடுத்துப் பார்த்தீர்கள் என்று உங்களைக் கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். நீங்கள் ஜீவித்திருக்கும் வரையில் அந்த வரியில் உள்ள பிழை உங்களை ஒருபோதும் தொந்தரவு செய்வதில்லை. உங்கள் பெயரும் உங்கள் கணக்கும் பொருந்தியிருப்பதால், மாதத்தின் கடைசி நாளில் பணம் தவறாது வந்து விழுகிறது. அந்த நிம்மதியில் பத்திரம் அலமாரியிலேயே கிடக்கிறது. ஆனால் நீங்கள் கண்மூடிய மறுநாள் முதல், அதுவரை யாருக்கும் தேவைப்படாதிருந்த அந்த ஒரு வரிதான் உங்கள் வீட்டின் மாத வருமானம் முழுவதற்கும் ஆதாரமாகிவிடுகிறது. அன்றைக்கு அந்த வரியில் பிழை இருந்தால், அதைத் திருத்திக்கொள்ளும் பாரம், உங்கள் உத்தியோக விவரம் எதையும் அறியாத, துக்கத்தில் ஆழ்ந்திருக்கும் ஒருவர் தலையில் போய் விழுகிறது.

கணக்குத் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன் என்கிற முறையில், குடும்ப ஓய்வூதியம் நின்றுபோயோ தொடங்காமலோ தவிக்கிறவர்கள் என்னிடம் பத்திரங்களோடு வருவது வழக்கமாகிவிட்டது. அவர்களில் பலரிடம் வங்கிக் கிளையில் சொல்லப்பட்டது ஒரே வாக்கியம்தான்: “பெயர் மேட்ச் ஆகவில்லை.” எந்தப் பெயர், எந்தப் பத்திரத்தில், எதனோடு பொருந்தவில்லை, அதை யார் திருத்தவேண்டும் என்று எழுத்துமூலம் எவரும் சொல்வதில்லை. வயது முதிர்ந்த ஓர் அம்மையாரை, ஒரு வாரம் ஆதார் மையத்துக்கும் மறு வாரம் தாலுகா அலுவலகத்துக்கும் அதற்கடுத்த வாரம் நோட்டரியிடமும் அலையவிட்டு, அந்த அலைச்சலில் ஒன்றுகூட உண்மையான பரிகாரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் விடுவதைப் பார்க்கும்போது உண்டாகும் வேதனைதான் என்னை இப்படிப் பகிரங்கமாக எழுதத் தூண்டியது.

முதலில், எந்தப் பதிவு யாருடைய வசம் இருக்கிறது என்பதை நீங்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். நீங்கள் ஓய்வுபெற்றபோது, உங்கள் அலுவலகத் தலைவர் அனுப்பிய காகிதங்களைக் கொண்டு உங்கள் துறையின் சம்பளக் கணக்கு அலுவலகம் பி.பி.ஓ.வைத் தயாரித்தது, அது புதுதில்லியிலுள்ள மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்தின் வழியாக உங்கள் வங்கிக்குப் போயிற்று. பத்திரத்தின் ஒரு பாதி உங்கள் கையில் இருக்கிறது. பணம் கொடுப்பவருக்குரிய மறு பாதி வங்கியிடம் இருக்கிறது. வங்கியிடம் என்றால், நீங்கள் போய்வரும் கிளையிடம் அல்ல. அந்த வங்கியின் ஓய்வூதியங்களை ஒன்றாகக் கணக்கிடும் மைய அலுவலகத்திடம். அதைத்தான் வங்கிக்காரர்கள் சி.பி.பி.சி. என்கிறார்கள். கிளையில் இருப்பது உங்கள் சேமிப்புக் கணக்கும், அதைத் தொடங்கும்போது நீங்கள் கொடுத்த அடையாளச் சான்றுகளும் மட்டுமே. ஆகவே பி.பி.ஓ.வில் உள்ள பிழையைக் கிளை மேலாளர் மனம்வைத்தாலும் திருத்த இயலாது. அவ்வாறே கிளையின் பதிவில் உள்ள பிழையை உங்கள் பழைய அலுவலகம் திருத்த இயலாது. மாநில அரசின் ஓய்வூதியருக்குக் கருவூலமும் மாநிலக் கணக்காயர் அலுவலகமும் என அலுவலகங்கள் மாறுமே தவிர, பதிவை உண்டாக்கியவரே அதைத் திருத்தவேண்டும் என்ற நியாயம் மாறுவதில்லை.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். நடந்த சம்பவம், ஆட்களின் அடையாளம் தெரியாதபடி பெயர்களை மாற்றியிருக்கிறேன். ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசு அலுவலகமொன்றில் கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் ஓய்வுபெறும்போது குடும்ப விவரப் படிவத்தில் மனைவியின் பெயரை எழுதிக்கொடுத்தார், தட்டச்சாகி பி.பி.ஓ.வில் ஏறியது R. DHANALAKSHMI என்று, பிறந்த தேதி 12-6-1945. பல வருஷங்களுக்குப் பிறகு ஆதார் எடுக்க வந்தபோது, பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மாளின் பெயரைப் பதிவு செய்தவர் THANALAKSHMI என்று தட்டினார். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாததால் ஆண்டு மட்டும் 1950 என்று பதிவாயிற்று. கணவருடைய கணக்கில் அவரைக் கூட்டாகச் சேர்த்தபோது, வங்கி ஆதாரை வைத்துக்கொண்டு THANALAKSHMI RAMASAMY என்று எழுதிக்கொண்டது. மூன்று பத்திரங்களிலும் இருப்பவர் ஒரே அம்மாள்தான் என்பதில் அவருடைய தெருவில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஆனால் கணவர் காலமானபின், இறப்புச் சான்றிதழையும் பி.பி.ஓ. நகலையும் சேர்த்து அவர் கொடுத்த விண்ணப்பத்தை மையத்தில் திறந்து பார்த்தவருக்கு அந்தத் தெரு தெரியாது. அவர் முன்னால் இருந்தவை பொருந்தாத எழுத்துகளும் பொருந்தாத ஆண்டுகளுமே. விண்ணப்பம் திரும்பிவிட்டது. கணவருடைய ஓய்வூதியம் இறப்புச் செய்தியோடு நின்றது. குடும்ப ஓய்வூதியம் தொடங்கவில்லை. இடைப்பட்ட மாதங்களை அந்த அம்மாள் மகளுடைய கூலியில் கழித்தார்.

அந்த விவகாரம் எப்படித் தீர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும், ஏனெனில் உங்களுக்கு வழிகாட்டுவது அதுவே. கிளையில் சொன்னபடி ஆதாரைத் திருத்த முயல்வதை நிறுத்திவிட்டு, விண்ணப்பம் எந்தக் காரணத்தால் திரும்பியது என்பதை முதலில் எழுத்தில் வாங்கினோம். பிறகு ராமசாமி கடைசியாக வேலைபார்த்த அலுவலகத்தின் தலைவருக்கு அந்த அம்மாள் பெயரால் ஒரு மனு எழுதினோம். அதில் பி.பி.ஓ. எண்ணைக் குறித்து, இரண்டு பெயர்களையும் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்காட்டி, இருவரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரத்தையும், கணவருடன் எடுத்துக்கொண்ட பழைய கூட்டுப் புகைப்படத்தின் பிரதியையும் இணைத்தோம். அங்கே பழைய கோப்பு தேடி எடுக்கப்பட்டது; அதிலிருந்த குடும்ப விவரப் படிவத்தில் ராமசாமியின் கையெழுத்தின் கீழ் பிறந்த தேதி 1945 என்றே இருந்தது. அதை அத்தாட்சியாகக் கொண்டு அலுவலகம் சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கு எழுத, அங்கிருந்து பெயர்த் திருத்தத்துக்கான அதிகாரக் கடிதம் மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் வழியாக வங்கி மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் பணம் தொடங்கியது. கணவர் காலமான மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையும் வந்தது. ஆக, உரிமை ஒரு நாளும் இழக்கப்படவில்லை. பசித்த மாதங்கள் மட்டும் திரும்பிவரவில்லை.

பெரியோர்களே, இவ்வளவையும் ராமசாமி உயிரோடிருந்தபோதே ஒரு மனுவில் முடித்திருக்கலாம் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். தம் மனைவி யார் என்பதை அரசாங்கத்துக்கு அறிவிக்கும் அதிகாரமும் கடமையும் ஊழியருக்கு உண்டு. அவரே முன்நின்று, “என் பி.பி.ஓ.வில் இன்னவாறு எழுதப்பட்டிருப்பவர் இதோ என் பக்கத்தில் கையெழுத்திடும் என் மனைவிதான்” என்று எழுதிக்கொடுத்தால் அதை ஐயுறுவதற்கு எவருக்கும் நியாயம் இல்லை. அவர் போனபின்போ, யாருடைய அடையாளம் சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கிறதோ அவரே தம்மை நிரூபித்துக்கொள்ள வேண்டிய விபரீத நிலை ஏற்படுகிறது. ஒரே மனு, ஆனால் எழுதுகிறவர் மாறும்போது அதன் கனமும் மாறிவிடுகிறது.

இத்தகைய முரண்பாடு நம்மிடையே இவ்வளவு அதிகமாகக் காணப்படுவதற்கு நம் பெயர் வழக்கமே பெருங்காரணம். தமிழில் ஒரே த-கரமாக இருப்பது ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர் விருப்பப்படி T, TH, D, DH என்று நான்கு விதமாக ஆகிவிடுகிறது. விவாகத்துக்கு முன் தந்தையின் தலைப்பெழுத்தைக் கொண்டிருந்த பெண், பிறகு கணவரின் தலைப்பெழுத்தைக் கொள்கிறாள். பழைய சான்றிதழில் ஓர் எழுத்தும் புதிய அட்டையில் வேறோர் எழுத்தும் நிற்கின்றன. தலைப்பெழுத்தைச் சுருக்கமாக எழுதுவதே நம் வழக்கம். வருமானவரி அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ அதை விரித்து எழுதும்போது, தந்தை பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயரைப்போல் வந்து ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் அழைத்த பெயரையே படிவத்தில் எழுதிக்கொடுத்துவிட்ட கணவர்களும் உண்டு. இவற்றில் எதுவும் பொய்யன்று. எனினும் கணக்கை நடத்துகிறவர் கண்ணுக்கு ஒவ்வொன்றும் ஒரு வேற்றாள்.

பெயருக்கு அடுத்தபடியாக, பிறந்த தேதி. பழைய பி.பி.ஓ.க்கள் பலவற்றில் துணைவியின் பெயர் மட்டும் இருக்கும். பிறந்த தேதிக்குரிய இடம் வெறுமையாகவே இருக்கும். இதனால் என்ன நஷ்டம் என்று நீங்கள் எண்ணலாம். குடும்ப ஓய்வூதியம் பெறுகிறவருக்கு 80 வயது நிறைந்தால், நிறையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கப்படவேண்டும். 85-ல் அது 30 சதவீதம், 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் அடிப்படைக்குச் சமமான தொகை. பி.பி.ஓ.வில் பிறந்த தேதி இருந்தால்தான் வங்கி மையம் தானாகவே இதைத் தொடங்க முடியும். மேற்சொன்ன அம்மாளின் கணக்கையே பாருங்கள். 1945 என்ற தேதி நிலைத்ததால் 2025 ஜூன் மாதம் முதல் அவர் கூடுதல் தொகைக்கு உரியவரானார். ஆதாரிலுள்ள 1950-ஐ யாரேனும் எடுத்துக்கொண்டிருந்தால் அது ஐந்து ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும். குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமான 9,000 ரூபாயில் 20 சதவீதம் 1,800 ரூபாய். அறுபது மாதங்களுக்கு 1,08,000 ரூபாய். அதன்மேல் கிடைக்கவேண்டிய அகவிலை நிவாரணம் வேறு. ஓர் இடத்தில் பிறந்த ஆண்டு மாறியிருப்பதன் விலை இது.

இனி, திருத்தும் கிரமத்தைச் சொல்கிறேன். அவசரப்பட்டு ஓடுவதற்கு முன், மூன்று பத்திரங்களில் பிழையானது எது என்பதை நிச்சயித்துக்கொள்ளுங்கள். பி.பி.ஓ., கூட்டுக் கணக்கின் பாஸ்புத்தகம், ஆதார் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, துணையின் பெயரை எழுத்துக்கு எழுத்தாகவும், பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என்று தனித்தனியாகவும் ஒப்பிடுங்கள். பி.பி.ஓ. சரியாயிருந்து வங்கிப் பதிவு மட்டும் தவறாயிருந்தால், கிளையிலேயே பி.பி.ஓ.வைக் காட்டித் திருத்தக் கோரலாம், அது எளிது. ஆதார் மட்டும் தவறாயிருந்தால் அதைத் திருத்தலாம். ஆனால் வாழ்நாளில் பெயரை இரண்டு தடவையும் பிறந்த தேதியை ஒரே தடவையும்தான் அங்கே மாற்ற இடமுண்டு என்பதை ஞாபகத்தில் வையுங்கள். தவறான பி.பி.ஓ.வுக்கு இசையும்படி சரியான ஆதாரை மாற்றிவிட்டு, அந்த ஒரே வாய்ப்பையும் செலவழித்துவிட்டவர்களுக்குப் பிறகு வழிகாட்டுவது மிகவும் கடினம்.

பிழை பி.பி.ஓ.வில் இருந்தால், நீங்கள் ஓய்வுபெற்ற அலுவலகத்தின் தலைவருக்கு எழுதவேண்டும். வங்கிக்கு எழுதிப் பயனில்லை. தில்லியிலுள்ள மத்திய அலுவலகத்துக்கு நேரே எழுதினாலும் அவர்கள் துறையிடமிருந்து அதிகாரக் கடிதம் வரவேண்டும் என்றே சொல்வார்கள். நீங்கள் ஓய்வுபெற்ற அலுவலகம் மூடப்பட்டோ வேறொன்றோடு இணைக்கப்பட்டோ போயிருந்தால் கலங்கவேண்டாம், பி.பி.ஓ. எண்ணைப் பாருங்கள். பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்ட அந்த எண்ணில் முதல் ஐந்தும் அதை வழங்கிய அலுவலகத்தின் குறியீடு. அடுத்த இரண்டும் வழங்கிய ஆண்டு. அடுத்த நான்கும் வரிசை எண். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். அந்தக் குறியீட்டைக் கொண்டு உரிய சம்பளக் கணக்கு அலுவலகத்தைக் கண்டுபிடித்து, இப்போது அந்தக் கோப்புகள் எந்த அலுவலகத்தின் வசம் இருக்கின்றன என்று கேட்டு எழுதலாம்.

மனு சுருக்கமாக இருக்கட்டும். பி.பி.ஓ. எண், நீங்கள் வகித்த பதவி, ஓய்வுபெற்ற தேதி, வங்கிக் கிளை, கணக்கு எண் ஆகியவற்றை முதலில் எழுதி, “இப்போது உள்ளபடி”, “இருக்கவேண்டியபடி” என்று இரண்டு வரிகளில் திருத்தத்தைக் காட்டுங்கள். நீங்களும் உங்கள் துணையும் இருவருமாகக் கையெழுத்திடுங்கள். பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு, வருமானவரி அட்டை ஆகியவற்றில் இருப்பதை இணையுங்கள். உறுதிமொழிப் பத்திரம் மனுவுக்குத் துணைதானே தவிர, அதுவே திருத்தம் ஆகிவிடாது. அதை வங்கியில் கொடுத்துவிட்டு விஷயம் முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். திருத்தக் கடிதத்தின் பிரதி உங்களுக்கு வந்தபின், அது வங்கி மையத்தின் பதிவிலும் ஏறிவிட்டதா என்று கிளை வழியாக விசாரித்து அறிந்துகொள்வது மிக அவசியம். கடிதம் வந்துவிட்டது, பதிவு மாறவில்லை என்ற நிலையில் நின்றுபோன திருத்தங்கள் உண்டு. நியாயமான அவகாசத்துக்குப் பிறகும் பதில் இல்லையென்றால், ஓய்வூதியர் குறைகளுக்கென்றே மத்திய அரசு நடத்தும் சி.பென்கிராம்ஸ் என்ற முறையில் புகாரைப் பதிந்து, அதன் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் அதைத் துணையோடு கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள். பி.பி.ஓ.வில் குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவராகக் குறிக்கப்பட்ட கணவனோ மனைவியோ கூட்டாக இருக்கும் கணக்கில் ஓய்வூதியத்தைச் செலுத்த விதி இடம்தருகிறது. அவ்வாறிருந்தால், பின்னால் அவர் புதிதாகக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. நகல், வயதுச் சான்று, மிகையாக வந்த தொகையைத் திருப்பித்தர இசையும் உறுதிமொழி ஆகியவற்றோடு ஓர் எளிய கடிதம் கொடுத்தால் போதும். ஆனால் கூட்டுக் கணக்கில் பெயரைச் சேர்க்கும்போது பி.பி.ஓ.வில் உள்ள அதே எழுத்துகளோடு சேர்க்கிறார்களா என்று அருகிலிருந்து பாருங்கள்; ராமசாமியின் வீட்டில் சிக்கல் இறுகியது அந்த இடத்தில்தான்.

இன்னும் ஓர் எச்சரிக்கை, உங்கள் துணைக்காக. குடும்ப ஓய்வூதியம் தொடங்கியபின் ஒவ்வொரு நவம்பரிலும் அவரே ஆயுள் சான்று கொடுக்கவேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதலே கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் முறையில் கைரேகையோ முகமோ பதிந்தவுடன் கைப்பேசிக்கு ஒரு சான்று எண் வருகிறது. அது வந்ததாலேயே வங்கி அதை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தமாகாது. அந்தப் பதிவில் பி.பி.ஓ. எண்ணில் ஓர் இலக்கமோ கணக்கு எண்ணோ பிசகினாலும், குடும்ப ஓய்வூதியம் என்பதற்குப் பதிலாகப் பணி ஓய்வூதியம் என்று குறித்துவிட்டாலும், வங்கி அதை நிராகரிக்கக்கூடும். எண் கையில் இருக்கும்போதே பணம் நின்றுவிடும். சான்றின் நிலையை ஜீவன் பிரமாண் தளத்தில் பார்த்து, நிராகரிக்கப்பட்டிருந்தால் சரியான விவரங்களோடு புதிதாக ஒன்று பதியவேண்டும் என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

அலுவலகங்களின் மீது எனக்கும் மனத்தாங்கல் உண்டு. காரணத்தை எழுத்தில் கொடுக்காமல் வயோதிகர்களைத் திருப்பியனுப்பும் வழக்கம் மாறவேண்டும் என்று சங்கங்கள் வற்புறுத்தத்தான் வேண்டும். ஆனால் அந்த மாற்றம் வரும்வரை உங்கள் வீட்டார் காத்திருக்க இயலாது. ஆகையால் உங்களிடம் நான் வேண்டுவது இதுவே: இந்த மாதம் முடிவதற்குள், உங்கள் துணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த மூன்று பத்திரங்களையும் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து, ஓர் ஆண்டு வேறுபட்டாலும் உங்கள் கைப்படவே மனுவை எழுதி அனுப்புங்கள். எல்லாம் பொருந்தியிருந்தால், பி.பி.ஓ. எண்ணையும், அதை வழங்கிய அலுவலகத்தின் முகவரியையும், வங்கிக் கணக்கு எண்ணையும் ஒரே தாளில் எழுதி, பி.பி.ஓ.வின் நகலோடு துணையின் கையிலும் பிள்ளைகளில் ஒருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். ஓய்வுபெற்ற அம்மையார்களும் தங்கள் கணவர்மாருக்காக இதையே செய்யுங்கள். உங்கள் உழைப்பால் சேர்ந்த உரிமையை உங்களுக்குப் பின்னும் தடையின்றிச் செல்லச் செய்ய, உங்கள் கையெழுத்துக்கு இருக்கும் வலிமை வேறு எவருடைய கையெழுத்துக்கும் இல்லை. அதை இன்றே பயன்படுத்துங்கள்.

இங்ஙனம்,
உங்களுள் ஒருவன்